வகுப்பதா, பெருக்குவதா: லையும் தண்ணீரும் ஒரே விகிதத்தில் ஓட

48 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில், அதாவது லையில், தண்ணீர் கலந்து 20 சதவீதமாக்க வேண்டும். துணியை மெர்சரைஸ் செய்ய ஏறக்குறைய இந்த அடர்த்திதான் தேவை. கணக்கு எளிது: ஒரு கிலோ லைக்கு 1.4 கிலோ தண்ணீர். மணிக்கு 1000 கிலோ லை ஓடினால் தண்ணீர் 1400 கிலோ ஓட வேண்டும். ஆனால் லை ஒரே அளவில் ஓடாது. தேவைக்கேற்ப ஏறும், இறங்கும். தண்ணீர் கூடவே ஓட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி வகுத்தல். இரண்டு ஃப்ளோ மீட்டர்களின் அளவையும் எடுத்து, தண்ணீரை லையால் வகுத்து, வரும் விகிதத்தையே கன்ட்ரோலருக்குக் கொடுப்பது. கன்ட்ரோலர் பிடித்து நிறுத்த வேண்டிய அளவு, அதாவது செட்பாயின்ட், 1.4. பார்க்க இதுதான் நேர்வழியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் வரைவார்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன்.

கோளாறு வகுத்தலிலேயே இருக்கிறது. தண்ணீர் வால்வு கொஞ்சம் திறந்து ஓட்டம் 10 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லை 1000-இல் ஓடும்போது விகிதம் 0.01 நகரும். லை 250-க்கு இறங்கியிருந்தால் அதே 10 கிலோவுக்கு விகிதம் 0.04 நகரும். வால்வு அதேதான், ட்யூனிங்கும் அதேதான், ஆனால் மீட்டர், கன்ட்ரோலர், வால்வு மூன்றும் சேர்ந்த லூப் நான்கு மடங்கு துடுக்காகிவிட்டது. முழு ஓட்டத்தில் ட்யூன் செய்திருந்தால் குறைந்த ஓட்டத்தில் வால்வு மேலும் கீழும் ஆடும். குறைந்த ஓட்டத்துக்கு ட்யூன் செய்தால் முழு ஓட்டத்தில் தூங்கிவழியும். ட்ரெண்டைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்: உற்பத்தி குறைந்திருக்கும் நேரங்களில் மட்டும் தண்ணீர்க் கோடு ரம்பப் பல்லாக இருக்கும். லை நின்றேவிட்டால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். அதற்குத் தனியாக ஒரு பாதுகாப்பு எழுதியாக வேண்டும்.

இரண்டாவது வழி பெருக்குதல். லை அளவை 1.4-ஆல் பெருக்கி, அதைத் தண்ணீர் கன்ட்ரோலரின் செட்பாயின்டாகக் கொடுப்பது:

```
FIC102.SP = 1.4 * FI101.PV
```

FI101 லை மீட்டர், அதன் PV அளந்த ஓட்டம்; FIC102 தண்ணீர் கன்ட்ரோலர், அதன் SP செட்பாயின்ட். இங்கே கணக்கு லூப்புக்கு வெளியே நடக்கிறது. கன்ட்ரோலர் பார்ப்பது தண்ணீர் ஓட்டத்தை மட்டும்தான். லை 1000 ஆனாலும் 250 ஆனாலும் இந்தக் கணக்கால் லூப்பின் குணம் மாறாது. லை நின்றால் செட்பாயின்டும் பூஜ்யம், தண்ணீரும் நிற்கும். என்னைக் கேட்டால் கட்டுப்பாட்டுக்கு இது ஒன்றுதான் வழி. வகுத்து வரும் விகிதத்தைத் திரையில் காட்டவும் அலாரம் வைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, பெருக்க முடிவு செய்தாயிற்று. எதைப் பெருக்குவது? லைக்கும் தனியாக ஒரு கன்ட்ரோலர் இருந்தால் இந்தக் கேள்வி வரும். லையின் அளந்த ஓட்டத்தைப் பெருக்கினால் தண்ணீர் எப்போதும் ஓரடி பின்னால்தான் வரும். லை 600-இலிருந்து 1000-க்குத் தாவிய கணத்தில் தண்ணீர் இன்னும் 840-இலேயே இருந்தால், கலவை 26 சதவீதத்தைத் தொடும். இறங்கும்போது கதை தலைகீழ்: லை 600-க்கு வந்துவிட்டது, தண்ணீர் 1400-இலேயே நிற்கிறது, அடர்த்தி 14.4. சில விநாடிகள்தான். பின்னால் கலவைத் தொட்டி இருந்தால் அது விழுங்கிக்கொள்ளும். குழாயிலேயே கலந்து நேராகத் துணிக்குப் போகிறது என்றால் கறையாகத் தெரியும்.

அளந்த ஓட்டத்துக்குப் பதில் லையின் செட்பாயின்டைப் பெருக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் புறப்படும். இரண்டு லூப்பின் வேகமும் ஒத்திருந்தால் தாவலின்போது அடர்த்தி அதிகம் அசையாது. ஆனால் லை பம்ப் நின்றால் தண்ணீருக்கு அது தெரியாது. செட்பாயின்ட் 1000 என்றே இருக்கும், தண்ணீர் 1400 ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியில் வெறும் தண்ணீர் சேரும். அதனால் லை தடைபட வாய்ப்புள்ள இடத்தில் நான் அளந்த ஓட்டத்தையே எடுப்பேன், தாவலை மெதுவான ஏற்றமாக மாற்றிவிடுவேன். இரண்டுக்கும் ஒவ்வொரு பங்கு கொடுத்துக் கலந்து பெருக்குவது நடுவழி. பங்கு அளந்த ஓட்டத்தின் பக்கம் சாயச் சாயத் தண்ணீர் பின்தங்கும். செட்பாயின்டின் பக்கம் சாய்ந்தால் பம்ப் நிற்கும் நாளில் அடி வாங்கும்.

அப்புறம், எந்த வழியிலும் தவறாக வரும் ஒன்று. 1.4 என்பது எடை விகிதம். ஒரு லிட்டர் 48 சதவீத லையின் எடை ஒரு லிட்டர் தண்ணீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மீட்டர்கள் லிட்டரில் காட்டினால் விகிதம் 2.1 ஆகிவிடும். மேலும் விகிதம் ஓட்டத்தை மட்டுமே பார்க்கும். வந்த லையே 46 சதவீதம் என்றால், விகிதம் கச்சிதமாக 1.4-இல் நிற்க, கலவை 19.2-க்கு இறங்கியிருக்கும். திரை எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பின்னால் ஒரு டென்சிட்டி மீட்டர் வேண்டும். அது 1.4-ஐ மெதுவாகத் திருத்தட்டும், வால்வில் கை வைக்கவேண்டாம்.