பார்க்கிங் மோட் டேஷ்கேமும் டிராக்கரும்: ஒரு வாரம் நின்ற வண்டியில் பேட்டரி எங்கே போகிறது?

என்னுடையது சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். 35 ஏஎச், அதாவது ஆம்பியர் ஹவர், பேட்டரி. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் நிற்கும் வண்டி. வண்டி நிற்கும்போதும் பார்க்கிங் மோடில் முன்னும் பின்னும் பதிவு செய்யும் டேஷ்கேம் ஒன்றும் ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்றும் நேரடியாக வயரிங்கில் இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்திவிட்டேன். இரண்டுமே சொன்ன வேலையைச் செய்கின்றன; பக்கத்து வண்டிக்காரர் பம்பரில் இடித்துவிட்டு, நான் இல்லை என்று சாதித்தபோது கேமராதான் வழக்கை முடித்துவைத்தது. அதனால் இது கழற்றி எறிந்த கதை இல்லை.

தினமும் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியாது. பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினால்தான் தெரியும். இரண்டாம் நாள் தாண்டியதும் டிராக்கர் ஆப்பில் லோ வோல்டேஜ் எச்சரிக்கை வர ஆரம்பிக்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்குகள் மங்கி, டக் டக் என்று ரிலே சத்தம் மட்டும் கேட்கும். செல்ஃப் எடுக்காது.

கேமராவோடு வந்த ஹார்ட்வயர் கிட்டில் கட்-ஆஃப் வசதி உண்டு. பேட்டரி குறிப்பிட்ட வோல்டேஜுக்கு இறங்கினால் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தை அதுவே நிறுத்திவிடும். அப்படியிருந்தும் பேட்டரி எப்படி இறங்கியது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளானது. பேட்டரி கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், செல் வீக்காயிடுச்சு, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். அடுத்த நீண்ட விடுமுறையில் அதே எச்சரிக்கை திரும்ப வந்தது.

பிறகு தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, வண்டி நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தோம். இந்த அளவை வீட்டிலேயே எடுக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டிரைவர் கதவின் லாட்சை ஒரு ஸ்க்ரூடிரைவரால் கிளிக் என்று மடக்கிவிட வேண்டும். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். ஃபியூஸ் பாக்ஸை எட்டவும் வசதி. ரிமோட் சாவியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டர் வரும்படி மாட்ட வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது தப்பித் தவறியும் சாவியைத் திருப்பக்கூடாது. மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

மாட்டிய உடனே மீட்டரில் வரும் எண்ணை நம்பக்கூடாது. டெர்மினலைக் கழற்றி மாட்டியதால் வண்டியின் கன்ட்ரோல் யூனிட்கள் எல்லாம் விழித்திருக்கும். அரை மணி நேரம் விட்டால் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும், எண்ணும் படிப்படியாக இறங்கும். எங்களுக்கு அது 325 மில்லி ஆம்பியர் பக்கத்தில் நின்றது. கேமராவின் ஃபியூஸைப் பிடுங்கினோம், 75 ஆனது. டிராக்கரின் ஃபியூஸையும் எடுத்ததும் 25. கடைசியில் நின்ற அந்த 25 வண்டியின் சொந்தச் செலவு. கடிகாரம், அலாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் அதில் அடக்கம். 50 வரை இருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆக கேமரா 250, டிராக்கர் 50. எல்லோரையும் போல நானும் கேமராவைத்தான் பார்த்தேன், எண் பெரியது என்பதால். எலக்ட்ரீஷியன் டிராக்கரைக் காட்டினார். "இது தூங்கவே இல்ல சார், பாருங்க" என்றார். மீட்டரில் டிராக்கரின் பங்கு ஒரே இடத்தில் நிற்கவில்லை. 20, 30 என்று இருந்துவிட்டுத் திடீரென்று நூற்றைத் தாண்டும், மறுபடி இறங்கும். காரணம் பேஸ்மென்ட். மேலே கான்கிரீட் கூரை இருப்பதால் சாட்டிலைட் கிடைக்காது, மொபைல் சிக்னலும் ஒரு கோடுதான். இடம் தெரியாததால் டிராக்கர் தேடிக்கொண்டே இருக்கிறது. டவர் பிடிபடாததால் முழு பலத்தோடு மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, பக்கத்தில் வண்டி நுழையும்போது வரும் அதிர்வு அதன் சென்சாரைத் தட்டி எழுப்பிவிடுகிறது. வண்டியை மேலே திறந்த வெளியில் நிறுத்திப் பார்த்தோம். கால் மணி நேரத்துக்குள் அதே டிராக்கர் 10 மில்லி ஆம்பியருக்கு இறங்கிப் படுத்துவிட்டது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பேட்டரியின் மேல் 35 என்று எழுதியிருந்தாலும், நம் ஊர் வெயிலில் சில வருடம் ஓடிய பிறகு 25 ஏஎச் கிடைத்தாலே பெரிது. மூன்றும் சேர்ந்து 325 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.8 ஏஎச் போகிறது. கிட் கடையில் மாட்டியபோது கட்-ஆஃப் 11.8 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய காலி. அதாவது மூன்றாவது நாள் முடியும்போது, பத்தில் ஒன்பது பங்கைக் குடித்த பிறகுதான் அந்தக் கட்-ஆஃப் வேலை செய்கிறது. அதற்கப்புறம் மிச்சமிருப்பதை டிராக்கரும் வண்டியும் தின்னும். டிராக்கருக்கு அந்தக் கட்-ஆஃப் பொருந்தவே பொருந்தாது, அது வேறு ஃபியூஸில் இருக்கிறது. இந்த 11.6, 11.8 செட்டிங்குகள் ஏன் கிட்டில் இருக்கின்றன என்பதே எனக்குப் புரியாத விஷயம். கேமராவுக்கு நல்லது, வண்டிக்கு நல்லதல்ல.

டிராக்கர் ஆப்பில் வண்டியின் வோல்டேஜ் கிராஃப் கிடைத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். எஞ்சினை அணைத்த உடனே 12.8, 12.9 என்று காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், சில மணி நேரத்தில் கலைந்துவிடும். பிறகு கோடு சரியத் தொடங்கும். 11.8 தொட்ட இடத்தில் கேமரா அணைய, சுமை குறைந்ததால் கோடு கொஞ்சம் மேலே எழும்பும், அப்புறம் மெதுவாக மறுபடி இறங்கும். அந்தச் சின்ன எழும்பல் இருந்தால் கட்-ஆஃப் வேலை செய்கிறது என்று அர்த்தம். எழும்பலே இல்லாமல் ஒரே சரிவாகப் போனால் கிட்டின் வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிட்டில் மூன்று வயர்கள்: எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி ஃபியூஸுக்கு ஒன்று, பாடியில் எர்த் ஒன்று. அவசரத்தில் முதல் இரண்டையும் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்திலேயே செருகிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது வண்டி ஓடுவதாகவே கேமரா நினைக்கும், பார்க்கிங் மோடுக்கே போகாது. சில கிட்களில் கட்-ஆஃபும் விழாது.

நான் முதலில் கட்-ஆஃபை 12.4-க்கு ஏற்றினேன். கேமரா முக்கால் நாளில் அணைந்தது, பேட்டரியில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு. ஆனால் டிராக்கரும் வண்டியும் சேர்ந்து 75 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.8 ஏஎச். ஒரு வாரக் கடைசியில் 25-இல் ஏழோ எட்டோதான் மிஞ்சும். செல்ஃப் எடுப்பது அதிர்ஷ்டம். டிராக்கர் ஒழுங்காகத் தூங்கினால் மட்டுமே அதே ஒரு வாரத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் இருக்கும். அதனால் கட்-ஆஃபோடு டிராக்கரையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. விற்ற கடையில் சொல்லி, வண்டி நின்றபின் ஆழ்ந்த ஸ்லீப்புக்குப் போகும்படியும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் எழுந்து இடம் சொல்லும்படியும், அதிர்வு சென்சாரின் கூர்மையைக் குறைத்தும் மாற்றினோம். பேஸ்மென்ட்டிலேயே மறுபடி அளந்தபோது சராசரி 10-ஐ ஒட்டி வந்தது. இதற்கு விலை உண்டு: வண்டியை யாராவது டோ செய்து தூக்கிப் போனால் முன்போல உடனே தெரியாது.

12.4 செட்டிங்குக்கும் ஒரு தொல்லை இருக்கிறது. தினமும் இருபது நிமிடம் மட்டும் ஓட்டும் வாரங்களில், ராத்திரி கேமரா எடுத்ததை ஆல்டர்னேட்டரால் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. கடைசிக் கால் பங்கு சார்ஜை பேட்டரி மிக மெதுவாகத்தான் வாங்கும். அப்போது கேமரா நிறுத்திய ஒரு மணி நேரத்திலேயே அணைந்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து 11.8-க்கு இறக்குகிறவர்கள் அநேகம். பேட்டரி நிறையவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. நான் 4 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கி, மாதம் ஒரு ராத்திரி பேஸ்மென்ட் பிளக்கில் போடுகிறேன். அதன்பின் கேமரா மறுபடி பாதி ராத்திரிக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது.

சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும் ஐடில் ஸ்டாப் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கிட்டின் எர்த் வயரை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே நேரடியாக முறுக்கக்கூடாது. அந்த முனையில் இருக்கும் சென்சார்தான் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணக்கு வைக்கிறது. அதைத் தாண்டி இணைத்தால் கேமரா எடுப்பது கணக்கில் வராது, வண்டி தவறாகப் புரிந்துகொள்ளும். பாடி போல்ட்டில் போட வேண்டும். ஓபிடி சாக்கெட்டில் செருகும் டிராக்கர் வைத்திருப்பவர்கள், அதைச் செருகியும் கழற்றியும் இரண்டு முறை அளந்து பாருங்கள். சில வண்டிகளில் அது கன்ட்ரோல் யூனிட்களைத் தூங்கவே விடாது. அப்போது டிராக்கர் எடுப்பதைவிட வண்டி எடுப்பதுதான் அதிகமாக இருக்கும்.

இப்போது ஒரு வாரத்துக்குக் குறைவாகப் போனால் எதையும் தொடுவதில்லை. அதற்கு மேல் என்றால் கேமராவின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போகிறேன், டிராக்கர் மட்டும் ஓடும். இரண்டு வாரம் கழித்து வந்தபோதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. மாதக் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் நெகட்டிவ் டெர்மினலையே கழற்றுவதுதான் வழி. அப்போது டிராக்கர் தன் உள் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மறுபடி மாட்டும்போது கடிகாரத்தைச் சரிசெய்து, டிரைவர் பக்கக் கண்ணாடியின் ஆட்டோ ஏற்றத்தையும் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும். சில பழைய ஸ்டீரியோக்கள் கோட் கேட்கும், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.