விர்ச்சுவல்பாக்ஸ் சீம்லெஸ் மோட்: ஒரே ஒரு விண்டோஸ் புரோகிராமுக்காக

ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டுகிற சாஃப்ட்வேர் விர்ச்சுவல்பாக்ஸ், உள்ளே ஓடுவதன் ஜன்னல்களை மட்டும் வெளி டெஸ்க்டாப்பில் காட்டுவது அதன் சீம்லெஸ் மோட். அந்த மோடில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு, அது ஜன்னல் விட்டு ஜன்னல் தாவுகிற Alt+Tab. மற்றதையெல்லாம் ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்டேன். இந்த ஒன்றில் மட்டும் பாதிதான் தீர்வு கிடைத்தது, மீதிப் பாதி அந்த மோட் செய்யப்பட்ட விதத்திலேயே இருப்பதால் தீரப் போவதில்லை.

திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், இரண்டு சிறு பத்திரிகைகளின் லே-அவுட். மெஷினில் ஓடுவது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பழைய வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டுகளில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். வருஷா வருஷம் தேதியையும் உபயதாரர் பெயரையும் மட்டும் மாற்றி அச்சடிக்கிற கோயில் நோட்டீஸை இதற்காக முதலிலிருந்து வேறு சாஃப்ட்வேரில் கட்ட யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஆகவே விர்ச்சுவல்பாக்ஸுக்குள் 32 பிட் விண்டோஸ் 7, அதற்குள் பேஜ்மேக்கர், அந்தப் பேஜ்மேக்கர் ஜன்னல் மட்டும் என் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வெளியே தெரிய சீம்லெஸ் மோட். விண்டோஸ் 7-க்கு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால் அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு நெட்வொர்க் இணைப்பே கொடுக்கவில்லை.

இது வேலை செய்கிற விதம் தெரிந்தால்தான் எரிச்சலின் காரணம் புரியும். விர்ச்சுவல்பாக்ஸின் துணை சாஃப்ட்வேரான கெஸ்ட் அடிஷன்ஸை விண்டோஸில் போட்டதும் அதற்குள் VBoxTray.exe என்று ஒன்று ஓடத் தொடங்கும். திரையில் எந்தெந்த ஜன்னல் எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அது கணக்கெடுத்து ஹோஸ்டுக்கு, அதாவது வெளியே இருக்கும் லினக்ஸுக்குச் சொல்லும். ஹோஸ்ட் பக்கத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் செய்வதெல்லாம், விண்டோஸின் முழுத்திரையையும் ஒரே பெரிய ஜன்னலாக விரித்துவிட்டு, அந்தக் கணக்குப்படி வேண்டிய இடங்களை மட்டும் விட்டு மற்றதை வெட்டி எடுத்துவிடுவதுதான். டை கட்டிங் போட்ட பத்திரிகை அட்டை மாதிரி. வெட்டின இடம் வழியாகக் கீழே இருக்கும் லினக்ஸ் டெஸ்க்டாப் தெரிகிறது. கண்ணுக்குப் பேஜ்மேக்கர் தனி ஜன்னலாகத் தெரிந்தாலும் லினக்ஸைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரே ஒரு அட்டை.

வேகமாக ஒரு ஜன்னலை இழுத்துப் பார்த்தால் இது நேரிலேயே தெரியும். உள்ளே படம் முன்னால் நகர்ந்துவிடும், வெட்டின ஓரம் ஒரு கணம் கழித்துத்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில் ஜன்னலின் ஒரு பக்கம் துண்டாகி, மறுபக்கம் விண்டோஸ் வால்பேப்பர் ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கும். வால்பேப்பரை எடுத்துவிட்டு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இருக்கும் அதே நிறத்தை விண்டோஸிலும் போட்டேன், இப்போது அது கண்ணை உறுத்துவதில்லை.

சரி, Alt+Tab-க்கு வருகிறேன். பேஜ்மேக்கரில் டைப் செய்துகொண்டிருக்கும்போது கீபோர்டு முழுவதையும் விர்ச்சுவல்பாக்ஸ் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸுக்குப் போகலாம் என்று Alt+Tab அழுத்தினால் திரை நடுவே விண்டோஸின் பட்டியல் வந்து நிற்கும், அதில் ஃபயர்பாக்ஸ் எப்படி இருக்கும்? வலது கன்ட்ரோலை ஒரு தட்டு தட்டி கீபோர்டை விடுவித்த பிறகுதான் லினக்ஸின் பட்டியல் வரும். இரண்டு இயங்குதளமும் ஒன்றாகக் கலந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே இருக்கிற மோடில், இப்போது நாம் எதற்குள் இருக்கிறோம் என்று விரல் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் மேலாளரின் Preferences-இல் Input பகுதியில் Auto Capture Keyboard என்பதை எடுத்துவிட வேண்டும். அதன்பின் Alt+Tab எப்போதும் லினக்ஸுக்கே போகும். இது முதல் பாதி.

இரண்டாவது பாதிதான் தீராதது. ஒரு உதாரணம் சொல்கிறேன். திரையின் வலது பாதியில் பேஜ்மேக்கர், இடது பாதியில் கோரல்டிரா, இரண்டும் விண்டோஸுக்குள். வாடிக்கையாளர் திருத்தம் போட்டு அனுப்பின பிடிஎஃப்பை லினக்ஸில் திறந்து, கோரல்டிராவின் மேல் இடது பக்கம் வைக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு, திருத்தத்தைச் செய்யப் பேஜ்மேக்கரில் ஒரு கிளிக். அவ்வளவுதான், கோரல்டிராவும் சேர்ந்து எழுந்து வந்து பிடிஎஃப்பை மூடிவிடும். நான் தொட்டது பேஜ்மேக்கரை, ஆனால் லினக்ஸ் முன்னால் கொண்டுவந்தது மொத்த அட்டையையும். இரண்டு விண்டோஸ் ஜன்னலுக்கு நடுவில் ஒரு லினக்ஸ் ஜன்னலைச் செருகவே முடியாது. கீழே பேனலிலும் தனித்தனிப் பெயர்கள் வராது, விர்ச்சுவல் மெஷினின் பெயர் ஒன்றுதான் வரும். நான் செய்வது, விண்டோஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமை மட்டும் திறந்து வைத்து மற்றதை மினிமைஸ் செய்வது, பிடிஎஃப் ஜன்னலின் தலைப்பில் வலது கிளிக் செய்து Always on Top போடுவது. பழகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு தடவை கோரல்டிரா எகிறி வரும்போதும் கோபம் வருகிறது.

இவ்வளவு திட்டினாலும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது: கிளிப்போர்டு. பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல்லைப் பேஜ்மேக்கரிலிருந்து காப்பி செய்து லினக்ஸில் ஒட்டினால் `mk;kh` என்று விழும். ஏனென்றால் அந்த ஃபான்ட்டில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. திருப்பி, வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோட் தமிழை நேராகப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். ஆனால் ஷேர்டு கிளிப்போர்டை Bidirectional என்று வைத்துவிட்டால், வாட்ஸ்அப் செய்தியை லினக்ஸிலேயே யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, அந்த `mk;kh` வகை எழுத்தைப் பக்கத்திலேயே மிதக்கிற பேஜ்மேக்கரில் ஒட்டி, ஃபான்ட்டைப் பாமினி என்று கொடுத்தால் முடிந்தது. தாய்மாமன் பெயர்ப் பட்டியல் முழுக்க மறுபடி டைப் செய்கிற வேலை போயிற்று, அதில் வருகிற எழுத்துப்பிழையும் போயிற்று. தனி ஜன்னலுக்குள் விண்டோஸை அடைத்து வைத்தாலும் இதே கிளிப்போர்டு வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் மூலமும் லே-அவுட்டும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் இன்னொரு டெஸ்க்டாப்பின் சட்டம் இல்லாமல் இருக்கும்போது வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கிற சுகமே வேறு.

டைப் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் நீங்கள் வைத்திருக்கும் தமிழ்99 விசைப்பலகை இந்த ஜன்னலுக்குள் செல்லாது. எந்த விசையை அழுத்தினீர்கள் என்பது மட்டும்தான் உள்ளே போகிறது, அதை எழுத்தாக்குவது விண்டோஸின் பொறுப்பு. பாமினிக்கு டைப்ரைட்டர் முறையில் நேராக அடிப்பவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது, தமிழ்99-தான் வேண்டும் என்றால் அந்த ஃபான்ட்டுக்கான விசைப்பலகை சாஃப்ட்வேரை விண்டோஸுக்குள்ளேயே போட வேண்டும்.

அமைப்பு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. View மெனுவில் Seamless Mode மங்கலாக இருந்தால் கெஸ்ட் அடிஷன்ஸ் ஓடவில்லை என்று அர்த்தம், வேறு எங்கும் தேட வேண்டாம். வீடியோ மெமரி குறைவு என்று சொல்லி மோடுக்குள் போக மறுத்தால் கூட்டிக் கொடுங்கள். 1920×1080 திரைக்கு ஒரு முழுப்படமே 8 எம்பி-க்குச் சற்று மேல் பிடிக்கும், நான் கஞ்சத்தனம் பார்க்காமல் 128 கொடுத்திருக்கிறேன். விண்டோஸின் டாஸ்க்பாரும் சேர்ந்து வெளியே தெரியும் என்பதால் அதை ஆட்டோ-ஹைடில் போட்டேன். ஏரோ கண்ணாடி அலங்காரம் வேண்டாம், சாதாரண தீமில்தான் ஓரங்கள் சுத்தமாக வெட்டப்படுகின்றன. மெஷினைத் திறக்கும்போதே சீம்லெஸில் வர:

```
VBoxManage modifyvm "pm7" --vram 128
VBoxManage setextradata "pm7" GUI/Seamless on
VBoxManage startvm "pm7"
```

`pm7` என் மெஷினுக்கு வைத்த பெயர், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வரிக்கு மெஷின் அணைந்திருக்க வேண்டும். உள்ளே போனபின் வெளியே வர வலது கன்ட்ரோலோடு L, மெனு வேண்டுமென்றால் வலது கன்ட்ரோலோடு Home.

அப்புறம், லினக்ஸில் லாகின் செய்யும்போது, திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற பழைய முறையான எக்ஸ்11 செஷன்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வெட்டும் வேலை எக்ஸ்11-ஐ நம்பி நிற்கிறது. அதற்குப் பதிலாக வந்த வேலண்டில் எனக்கு அது ஒழுங்காக வரவே இல்லை, அதனால்தான் எக்ஸ்எஃப்சிஇ-யிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உபுண்டு 25.10-இல் க்னோம் டெஸ்க்டாப்பின் எக்ஸ்11 செஷனையே எடுத்துவிட்டார்கள், ஆக அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் யூனிட்டி என்ற பெயரில் இருந்த இதே வசதி லினக்ஸுக்குப் பதிப்பு 12-இலேயே நின்றுவிட்டது.

இதெல்லாம் எழுதக் காரணம் ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர். என் திரையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி போட்டுக் கொடுங்க சார்" என்கிறார். அவருக்கு என் பதில்: வேண்டாம் சார். எனக்கு ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம், ஒரு திரை, அதனால் ஓடுகிறது, நான் இதை விடப் போவதும் இல்லை. உங்களுக்கோ பில்லிங், கோரல்டிரா, ஸ்கேனர் சாஃப்ட்வேர் என்று மூன்று எப்போதும் திறந்திருக்கும், இரண்டு மானிட்டர் வேறு. கோரல்டிரா எகிறுகிற கதை உங்களுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும்.

உங்களுக்குப் பொருத்தம் ரிமோட்ஆப், அதாவது முழு டெஸ்க்டாப்பைக் காட்டாமல் விண்டோஸ் புரோகிராம்களைத் தனித்தனியாக வெளியே காட்டுகிற வசதி. விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸை மைக்ரோசாஃப்டின் ரிமோட் இணைப்பு முறையான ஆர்டிபி வழியாக, லினக்ஸில் ஓடுகிற ஃப்ரீஆர்டிபி என்ற சாஃப்ட்வேர் கொண்டு தொட்டால் ஒவ்வொரு விண்டோஸ் ஜன்னலும் லினக்ஸுக்கு உண்மையான தனி ஜன்னலாக வரும், Alt+Tab-இலும் பேனலிலும் தனித்தனிப் பெயரோடு. நடுவில் எதை வேண்டுமானாலும் செருகலாம். ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து ஆர்டிபி இணைப்பை ஏற்காது, 10-ஓ 11-ஓ, ப்ரோ பதிப்பாக இருக்க வேண்டும். `winver` என்று அடித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், ப்ரோ என்றால் சனிக்கிழமை வந்து போட்டுத் தருகிறேன்.