வேலை நடுவே மாற்றம்: கூடுதல் செலவை எப்படிச் சொல்வது?

கோலாலம்பூரின் செத்தாபாக்கில் ஒரு தரைவீட்டுச் சமையலறையை ஒப்பந்தக்காரராக நான் புதுப்பிக்கும்போது, வீட்டுக்கார அம்மா சிங்க்கைப் பின்சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றக் கேட்டார். "எட்டடிதானே தம்பி" என்றார். செலவு கூடும் என்பதைச் சொல்ல எனக்கு மூன்று வழிகள் இருந்தன: போனில் ஒரு மொத்தத் தொகை, கடைசி பில்லில் சேர்ப்பது, காரணங்களோடு ஒரு பக்கக் கடிதம். கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன், இனியும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசி பில்லில் சேர்ப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் தெரியவரும் தொகைக்கு யாரும் மனமுவந்து பணம் தரமாட்டார்கள். கட்டுமானப் பணப் பிணக்குகளை விரைவாகத் தீர்க்கும் மலேசியாவின் 2012 சட்டமும், தாம் குடியிருக்க நான்கு மாடிக்கும் குறைவான வீடு கட்டும் தனிநபருக்குப் பொருந்தாது. எனவே கையெழுத்திட்ட தாள்தான் நமக்குப் பிடிமானம்.

போன் வேகமானது. ஆனால் "2,100 ரிங்கிட் கூடும்" என்று மட்டும் கேட்டவர் உடனே பேரம் பேசுவார், அல்லது நம்மைச் சந்தேகிப்பார். எட்டடிக்கு ஏன் இவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சாய்வு வைத்தால், எட்டடிக்குள் அது ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்குத் தரையை உடைக்க வேண்டும். சாய்வைக் குறைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு தங்கி அடைத்துக்கொள்ளும். கடிதத்தில் இதை எழுதிய பிறகுதான் தொகையை வைத்தேன்: தரை உடைப்பும் குழாயும் 1,150, தண்ணீர், மின் இணைப்புகள் 480, அலமாரி அளவு மாற்றம் 650.

இதற்கு அடுத்த வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: கழித்துக் காட்டும் தொகை. பழைய இடத்தில் செய்யாமல் விட்ட இணைப்புக்கு 180 ரிங்கிட்டைக் கழித்துக் காட்டினேன். கூட்டலை மட்டும் எழுதும் ஒப்பந்தக்காரர் எதையோ மறைக்கிறார் என்றே வீட்டுக்காரர் நினைப்பார். செய்யாத வேலைக்கு நாமாகவே குறைத்துக் காட்டினால், மற்ற மூன்று தொகைகளையும் அவர் நம்பிப் படிப்பார். அந்த அம்மாவும் பேரம் பேசவில்லை. கழித்த வரியைத்தான் முதலில் சுட்டிக்காட்டினார்.

கீழே மூன்று தெரிவுகள் கொடுத்தேன். முழுதாக மாற்றினால் 2,100 ரிங்கிட், ஐந்து நாள் கூடுதல். சிங்க்கை விட்டுவிட்டு அடுப்பை மட்டும் நகர்த்தினால் 600, ஒரு நாள்; எரிவாயு உருளை என்பதால் குழாய் வேலை குறைவு. பழைய திட்டமே என்றால் செலவே இல்லை. வெள்ளிக்கிழமை தரை ஓடு பதிக்க ஆள் வருகிறார் என்பதால் வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதினேன். ஓடு பதித்தபின் மாற்றினால் அதையும் உடைத்துப் புதிதாகப் பதிக்க வேண்டியிருக்கும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டார்.

நான் பெரும்பாலும் தரைவீடுகளில் வேலை செய்பவன். அடுக்குமாடி வீடுகளில் கழிவுக் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்குள் போகலாம். நிர்வாகத்தின் அனுமதியும் தேவைப்படும். அங்கே விலை எழுதும் முன் அனுமதியைக் கேட்பதே முதல் வேலையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.