இரவில் கரைந்த 31 சதவீதம்: 14 மாதப் போன் அனுபவம்

இந்தப் போனை வாங்கி 14 மாதம் ஆகிறது. 5000 எம்ஏஎச் பேட்டரி. வேலை ஹட்டன் டவுனில், வீடு டிக்கோயாப் பக்கம் தோட்டத்தில், பள்ளத்தில் இருக்கிற லயத்தில். டவுனில் இருக்கும்வரை சார்ஜ் இறங்குவதே தெரியாது, வீட்டுக்கு வந்தால்தான் கரையும். இரவு 10 மணிக்கு 82, காலை 5.30க்கு 51. யாரும் தொடவில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் அந்த 51ஐ வைத்துத்தான் அடுத்த நாளை ஓட்ட வேண்டும், அதனால் இதை விடாமல் பார்த்தேன்.

முதலில் குளிர் என்று நினைத்தேன். குளிரில் பேட்டரி கொஞ்சம் சோரும்தான், ஆனால் போர்வைக்குப் பக்கத்தில் வைத்தும் அதே கணக்கு. அப்புறம் ஒரு இரவு ஏரோபிளேன் மோடில் போட்டுப் படுத்தேன், 2 சதவீதம்தான் குறைந்தது. மறுநாள் இரவு அதை எடுத்துவிட்டு மொபைல் டேட்டாவை மட்டும் மூடினேன், 7 குறைந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, பேட்டரியில் கோளாறு இல்லை, பள்ளத்தில் கவரேஜைப் பிடித்து வைத்திருக்கவே 5 போகிறது, மிச்ச 24ஐயும் டேட்டா தின்கிறது. எந்தப் போனிலும் இந்த இரண்டு இரவுச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

டேட்டா ஏன் இவ்வளவு தின்கிறது? ஒவ்வொரு தடவை டேட்டா போய் வரும்போதும் போனுக்குள் இருக்கிற ரேடியோ விழிக்கிறது, வேலை முடிந்தும் உடனே தூங்காமல் சில விநாடி விழித்தே கிடக்கிறது. கவரேஜ் குறைந்த இடத்தில் டவருக்கு எட்டுவதற்காக அது இன்னும் அதிக சக்தியில் கத்த வேண்டியிருக்கிறது. போனில் SIM status என்ற இடத்தில் இந்த அளவைப் பார்க்கலாம். எங்கள் அடுப்படியில் -117 dBm, மேல் ரோட்டில் -94. மைனஸுக்குப் பிறகு வரும் எண் கூடக்கூட கவரேஜ் மோசம் என்று அர்த்தம்.

சரி, யார் எழுப்புகிறார்கள் என்று Battery usage பக்கத்தைத் திறந்தால் ஈமெயில் ஆப்தான் மேலே நிற்கிறது, திரை மூடியிருந்த நேரத்திலேயே பல மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டு காரணம் கிடைத்தது. அவுட்பாக்ஸில் 19 எம்பி படங்களோடு ஒரு மெயில் 3 வாரமாக மாட்டிக் கிடந்தது. பாதி போகும், லைன் அறும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும், இரவு முழுக்க இதே வேலை. அதை அழித்த அன்றைக்கே 31 இறங்கியது 18 ஆனது. இன்னொன்று ஆபீஸ் மெயில் கணக்கு. என் ஜிமெயிலுக்கு மெயில் வந்தால் மட்டும் தகவல் வரும், ஆபீஸ் கணக்கு அப்படி இல்லை, மெயில் இருக்கிறதோ இல்லையோ 15 நிமிடத்துக்கு ஒரு தடவை போய்த் தட்டிப் பார்க்கும். 10 மணியிலிருந்து 5.30 வரை 30 தடவை. Sync frequency என்பதை Never ஆக்கினேன், தேவைப்படும்போது நானே இழுத்துப் பார்க்கிறேன். 18 இப்போது 11.

லொகேஷனை எல்லாரும் முதல் குற்றவாளி என்பார்கள், எனக்கு அது இரண்டாவதுதான். வானிலை ஆப் ஒன்றுக்கு Allow all the time என்று கொடுத்து வைத்திருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது, கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருக்கும். Allow only while using the app என்று மாற்றியதில் 11 இருந்தது 9 ஆனது. லொகேஷனை மொத்தமாக மூட வேண்டிய தேவையே வரவில்லை.

நோட்டிபிகேஷனில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குரூப்பை மியூட் செய்தால் சத்தம்தான் நிற்கும், செய்தியும் படமும் வந்துகொண்டேதான் இருக்கும். எல்லாவற்றையும் மியூட் செய்தும் என் இரவுக் கணக்கு அசையவில்லை. பகலில் மட்டும் ஒரு பலன் உண்டு, செய்தி வரும்போதெல்லாம் திரை எரிவதை நிறுத்தியதில் மாலைக்குள் கொஞ்சம் மிஞ்சுகிறது. வாட்ஸ்அப்பின் பின்னணி ஓட்டத்தை நான் தடுக்கவில்லை, அப்படிச் செய்தால் அழைப்பே தாமதமாக வரும், வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அதில்தான் அம்மாவோடு பேசுகிறாள்.

8 மாதமாக இதே செட்டிங்தான், இரவுக்கு 9, சில நாள் 10. பெரிய படங்களை மெயிலில் அனுப்ப வேண்டியிருந்தால் மேல் ரோட்டுக்கு ஏறிப்போய் அனுப்பி, அவுட்பாக்ஸ் காலியாகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பள்ளத்துக்கு இறங்குகிறேன்.