கோமோக்குவில் கறுப்பை எப்படிச் சமன் செய்வது: தடை விதியா, நிறமாற்றமா, இரட்டைக் கல்லா?

கோமோக்குவின் விதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 15-க்கு 15 கோடுகள் கொண்ட பலகை. ஒருவருக்குக் கறுப்புக் கல், மற்றவருக்கு வெள்ளை. கறுப்பு முதலில் ஆடும். கோடுகள் வெட்டும் புள்ளிகளில் மாறி மாறி ஒவ்வொரு கல்லாக வைத்து, படுக்கையிலோ செங்குத்திலோ சாய்விலோ ஐந்து கற்களை வரிசையாகச் சேர்த்தவர் வென்றார். வைத்த கல் நகராது, பலகையை விட்டும் போகாது. கட்டம் போட்ட நோட்டும் இரண்டு நிறப் பேனாவும் இருந்தாலே ஆடிவிடலாம்.

இவ்வளவு அழகான ஆட்டம், நன்றாக ஆடத் தெரிந்த இருவர் கையில் செத்துப்போகிறது. கறுப்பு எப்போதும் வெல்லும் ஒரு வழி இருக்கிறது. வெள்ளை என்ன செய்தாலும் அந்த வழி பலிக்கும். எதிராளி எதை ஆடினாலும் வேறெந்தத் தேர்வுக்கும் குறைவுபடாத இப்படிப்பட்ட வழியைத்தான் மேலாதிக்க உத்தி என்கிறோம். இது ஊகமில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த விக்டர் அல்லிஸ் 1990-களின் முற்பகுதியில் கணினியைக் கொண்டு 15-க்கு 15 பலகையில் இதை நிரூபித்தார். 1994-இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் இது விரிவாக இருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பே, வெள்ளைக்கு வெற்றி வழி கிடையாது என்பதைக் காகிதமே இல்லாமல் காட்டிவிட முடிந்தது. ஹெக்ஸ் என்ற ஆட்டத்துக்கு ஜான் நாஷ் 1949-இல் சொன்ன வாதம் இங்கேயும் செல்லும். வெள்ளையிடம் எப்போதும் வெல்லும் ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கறுப்பு முதல் கல்லை எங்கேயோ வைத்துவிட்டு, அதை மறந்துவிட்டு, தானே வெள்ளை என்று நினைத்து அந்தத் திட்டத்தை ஆடட்டும். கூடுதலாகக் கிடக்கும் ஒரு கல் கெடுதல் செய்யாது. திட்டம் அதே புள்ளியைக் கேட்டால் வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இருவருமே வெல்ல வேண்டும். அது நடக்காது என்பதால் வெள்ளையிடம் அப்படி ஒரு திட்டம் இல்லை. (ஆறு சேர்ந்தாலும் வெற்றிதான் என்ற விதியில் மட்டுமே இந்த வாதம் செல்லும். சரியாக ஐந்துதான் வேண்டும் என்றால் கூடுதல் கல் வரிசையை ஆறாக்கிக் கெடுத்துவிடக்கூடும்.) ஆக, கறுப்புக்கு வெற்றி அல்லது சமன் என்ற இரண்டுதான் மிச்சம். அல்லிஸ் செய்தது, அது வெற்றியே என்று உறுதிப்படுத்தியது.

முதலில் ஆடுவது ஏன் இவ்வளவு பலம் தருகிறது? பலகையில் ஓர் உதாரணம் பார்ப்போம். நெடுங்கோடுகளுக்கு A முதல் O வரை எழுத்து, படுக்கைக் கோடுகளுக்கு 1 முதல் 15 வரை எண். கறுப்புக் கற்கள் H8, I8, J9, J10-இல் இருக்கின்றன. சுற்றிலும் வெறுமை. இப்போது கறுப்பு J8-இல் வைக்கிறது. படுக்கையில் H8-I8-J8 என்று இரு முனையும் திறந்த மூன்று, செங்குத்தில் J8-J9-J10 என்று இன்னொன்று. வெள்ளை K8-இல் வைத்துப் படுக்கையை அடைக்கிறது. கறுப்பு J7-இல் வைக்க, செங்குத்தில் நான்கு சேர்ந்துவிடுகிறது. அதன் இரு முனைகளான J6, J11 இரண்டும் காலி. வெள்ளை ஒன்றைத்தான் அடைக்க முடியும். முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வடிவம் மட்டுமல்ல. கறுப்பு வைக்கும் ஒவ்வொரு கல்லும் மிரட்டலாக இருந்தால், வெள்ளைக்கு எங்கே வைப்பது என்ற தேர்வே இருக்காது. அடைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கல் முந்தியிருப்பவர் அந்தச் சங்கிலியை முதலில் தொடங்குகிறார். தொடங்கிய பிறகு அதை நிறுத்துவதில்லை.

புதிதாக ஆடுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் மூன்றைப் பார்க்கத் தவறுவார்கள், வெற்றி இரு பக்கமும் மாறி மாறி விழும், ஆட்டம் சமமாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். திறமை கூடக் கூடத்தான் நோய் வெளியே வரும். சோதிக்க ஒரு நல்ல வழி: சம பலமுள்ள இருவர் நிறத்தை மாற்றி மாற்றிப் பல ஆட்டம் ஆடட்டும். யார் ஆடினார் என்பதைவிட எந்த நிறம் என்பதே முடிவைச் சொன்னால், ஆட்டம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, எப்படிச் சரிசெய்வது? மூன்று பாதைகள் உண்டு.

தடை விதி: ரென்ஜூ

ஜப்பானியர்கள் எடுத்த பாதை இது. வெற்றி தரும் வடிவங்களையே கறுப்புக்கு மறுத்துவிடுவது. ஒரே கல்லில் இரண்டு திறந்த மூன்றுகள், ஒரே கல்லில் இரண்டு நான்குகள், ஐந்துக்கு மேல் நீளும் வரிசை ஆகிய மூன்றும் கறுப்புக்குத் தடை. வைத்தால் தோல்வி. வெள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை. மேலே பார்த்த J8 ரென்ஜூவில் கறுப்புக்கு நச்சுப் புள்ளி. ஒரு மூன்றையும் ஒரு நான்கையும் சேர்ப்பது மட்டும் அனுமதி, ஆகவே கறுப்பு வெல்ல வேண்டிய பாதை அதுதான்.

இதனால் ஆட்டத்துக்கு ஒரு புதுச் சுவை வருகிறது, அதை நான் உண்மையிலேயே ரசிக்கிறேன். அதே நிலையில் வெள்ளைக்கு K7, L6, M5 என்று சாய்வாக மூன்று கற்கள் இருக்கின்றன, N4-இல் கறுப்பு ஏற்கெனவே அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த மூன்று போலத்தான் தெரியும். வெள்ளை I9-இல் வைக்கிறது. இப்போது J8 விழுந்தால் ஐந்து. கறுப்பு அதே J8-இல் வைத்துத்தான் தடுக்க வேண்டும், ஆனால் அங்கே வைத்தால் இரட்டை மூன்று. வைக்கவும் முடியாது, வைக்காமல் இருக்கவும் முடியாது. தடையே வெள்ளையின் ஆயுதமாகிவிடுகிறது. இரு தரப்பும் இரு வேறு ஆட்டம் ஆடுகின்றன.

குறை என்ன? முதலாவது, பார்ப்பவருக்குப் புரியாது. ஒரு மூன்று உண்மையான மூன்றுதானா என்பது, அது பிறகு தடையில் சிக்காமல் திறந்த நான்காக வளர முடியுமா என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிக்க இன்னொரு புள்ளியின் தடையைப் பார்க்க வேண்டும், அதற்கு இன்னொன்றை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டாவது குறை இன்னும் பெரியது: தடை விதித்தும் மேலாதிக்கம் போகவில்லை. தடைகள் மட்டும் உள்ள ரென்ஜூவிலும் கறுப்புக்கே வெற்றி என்று ஹங்கேரியின் யானோஷ் வாக்னரும் இஷ்ட்வான் விராகும் 2001-இல் வெளியிட்டார்கள். வடிவங்களைத் தடுக்கலாம், முந்தியிருக்கும் அந்த ஒரு கல்லைத் தடுக்க முடியவில்லை. அதனால்தான் ரென்ஜூப் போட்டிகள் தடைகளோடு நிற்காமல் தொடக்கத்துக்கும் தனி விதிகள் வைத்துக்கொண்டன. சர்வதேசக் கூட்டமைப்பு நெடுநாள் பயன்படுத்திய விதியில், முதல் மூன்று கற்களுக்குப் பின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை எதிராளிக்கு உண்டு. ஐந்தாவது கல்லுக்குக் கறுப்பு இரண்டு இடங்களைக் காட்ட வேண்டும், அதில் எது என்று வெள்ளை முடிவு செய்யும்.

நிறமாற்றம்: ஸ்வாப், ஸ்வாப்2

எனக்கு அதிக நம்பிக்கை உள்ள பாதை இது. ஒரு முறுக்கை அண்ணன் உடைக்க, எந்தத் துண்டு என்று தம்பி எடுப்பது போன்றது. ஒருவர் இரண்டு கறுப்பும் ஒரு வெள்ளையுமாக மூன்று கற்களை வைப்பார். மற்றவர் எந்த நிறம் தனக்கு வேண்டும் என்று சொல்வார். கறுப்புக்குச் சாதகமாக வைத்தால் எதிராளி கறுப்பை எடுத்துக்கொள்வார், வெள்ளைக்குச் சாதகமாக வைத்தால் வெள்ளையை. எனவே வைப்பவர் தானாகவே சமமான நிலையைத் தேட வேண்டியிருக்கிறது. ஆட்ட விதி ஒன்றுகூட மாறவில்லை, ஐந்து சேர்ந்தால் வெற்றிதான். முந்தியிருக்கும் கல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஆடுபவர்களே ஒவ்வொரு முறையும் கணிக்கிறார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. வைப்பவர் வீட்டிலேயே ஒரு தொடக்கத்தை எடுத்து, இரு பக்கமும் ஆழமாக ஆராய்ந்து வந்திருக்கலாம். எதிராளி எதைத் தேர்ந்தாலும் தயாரிப்பு அவர் பக்கம். ஸ்வாப்2 இதற்குத்தான். மூன்று கற்களைப் பார்த்த எதிராளிக்கு மூன்றாவது வாய்ப்பு ஒன்று உண்டு: தானே ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் கூடுதலாக வைத்து, நிறத் தேர்வை முதலாமவரிடமே திருப்பித் தரலாம். வீட்டில் தயாரித்த நிலை அங்கேயே கலைந்துவிடும். உலகச் சாம்பியன்ஷிப்பில் 2009 முதல் கோமோக்கு இந்த விதியில் ஆடப்படுகிறது. அதற்கு முன் இருந்த புரோ விதி, கறுப்பின் இரண்டாவது கல்லை நடுவிலுள்ள 5-க்கு 5 சதுரத்துக்கு வெளியே தள்ளியது. கறுப்பின் சாதகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான்.

கணித ரீதியாகப் பார்த்தால் ஸ்வாப்2-வும் ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு தொடக்க நிலைக்கும் கறுப்பு வெற்றி, வெள்ளை வெற்றி, சமன் என்று ஒரு திட்டமான விடை உண்டு. எல்லாம் தெரிந்தவருக்கு அது தெரியும். ஆனால் மூன்றே கற்கள் உள்ள பலகையைப் பார்த்து மனிதரால் அதைச் சொல்ல முடிவதில்லை, ஆட்டம் அந்த இடைவெளியில் உயிர் வாழ்கிறது. பலமான கணினி நிரல்களைக் கொண்டு தொடக்கங்களை மனப்பாடம் செய்பவர்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறார்கள் என்பதும் உண்மை. இன்னொன்று, புதியவர்களுக்கு இது சுமை. நிலையை மதிப்பிடவே தெரியாதவரிடம் நிறம் கேட்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

இரட்டைக் கல்: கனெக்ட்6

தைவானின் தேசிய ஜியாவ் துங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-சென் வூ 2005-இல் அறிமுகப்படுத்தியது. கறுப்பு முதலில் ஒரே ஒரு கல் வைக்கும். அதன்பின் இருவரும் ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு கற்கள் வைப்பார்கள். ஐந்துக்குப் பதில் ஆறு சேர்க்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: 1-0, 1-2, 3-2, 3-4. யார் ஆடி முடித்தாலும் அவரிடம் ஒரு கல் கூடுதல். கோமோக்குவில் வெள்ளை எவ்வளவு ஆடினாலும் சமநிலைக்குத்தான் வரும், ஒருபோதும் முந்தாது. இங்கே முந்துவது கைமாறிக்கொண்டே இருக்கிறது. மற்ற இரண்டும் நோயின் விளைவைக் கையாள, இது காரணத்தையே தொடுகிறது. தடையும் இல்லை, தேர்வும் இல்லை, பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் ஆட்டம் வேறாகிவிட்டது. ஒரு முறைக்கு இரண்டு கல் என்பதால் யோசிக்க வேண்டிய சேர்க்கைகள் பல மடங்கு பெருகுகின்றன. ஒரு மிரட்டலை ஒரு கல்லால் அடைத்துவிட்டு மற்றதால் திருப்பி அடிக்கலாம். கோமோக்குவின் அந்த இறுக்கமான, ஒற்றைக் கல் சங்கிலி இதில் இல்லை. முழுப் பலகைக்கும் யார் வெல்வார் என்ற நிரூபணமும் வரவில்லை, குறிப்பிட்ட சில தொடக்கங்களே கணினியால் தீர்க்கப்பட்டிருக்கின்றன.

வீட்டில் பிள்ளைகளோடு என்றால் கனெக்ட்6-ஐ எடுங்கள், 19-க்கு 19 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஓரளவு ஆடத் தெரிந்த இருவர் என்றால் ஸ்வாப்2. கட்ட நோட்டில் ஆடும்போது நிறம் மாற வேண்டுமானால் பேனாக்களைக் கைமாற்றிக்கொண்டால் போதும். ரென்ஜூவை, தடைகளை வைத்தே வெள்ளை வலை விரிக்கும் அந்தச் சுவைக்காகத் தேடி வருபவர்களுக்கு விட்டுவிடுவேன். அப்படி வருபவர்கள் தொடக்க விதியையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு அங்கேயும் முந்திக்கொண்டேதான் இருக்கும்.