ஏ1சி 6.1, மீட்டரில் 236: மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை அலைச்சல்

அப்பாவின் லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் யாரும் சந்தோஷப்படுவார்கள். ஜனவரியில் 8.1 இருந்த ஏ1சி, நான் ஜப்பானிலிருந்து மன்னார்குடி போய்ச் சேர்ந்தபோது 6.1 ஆகியிருந்தது. "நல்லா குறைஞ்சிருக்கே" என்று டாக்டரும் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். ஆனால் அப்பா விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்த எண்கள் இதோடு ஒட்டவேயில்லை. வெறும் வயிற்றில் 148, 155. இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 236, 221. படுக்கப் போகும்முன் 190. அதே ரிப்போர்ட்டில் ஏ1சிக்குக் கீழே பொடி எழுத்தில் 'சராசரி குளுக்கோஸ் 128' என்று அச்சாகியிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். காலை அளவுகூட எங்கேயும் 128க்கு இறங்கவில்லை. எல்லாமே அதற்கு மேலே இருந்தால் சராசரி மட்டும் எப்படி 128 ஆகும்?

இடையில் நடந்ததைச் சொன்னால் விஷயம் புரியும். இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தக் கசிவு. மருத்துவமனையில் சேர்த்து இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள், அப்புறம் நரம்பு வழியாக இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். ஏ1சி என்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் ஓடுவதால்தான் அது இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டுகிறது. அப்பாவின் பழைய அணுக்களில் ஒரு பகுதி கசிவில் போய்விட்டது. சர்க்கரை இல்லாத யாரோ இருவருடைய அணுக்கள் உள்ளே வந்தன. இரும்புச்சத்து கிடைத்ததும் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை வேகமாக உற்பத்தி செய்தது. நேற்றுப் பிறந்த அணுவில் சர்க்கரை ஒட்ட நேரமே இல்லை. ஏ1சி இறங்கியது இதனால்தான், சர்க்கரை இறங்கியதால் அல்ல.

நோட்டை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ரத்தசோகை இருந்தால் வீட்டு மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் அப்போது 10.2தான். அதனால் லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்கும் அதே நிமிஷத்தில் விரலிலும் குத்திப் பார்த்தோம். மீட்டர் 212, லேப் 203. வித்தியாசம் அவ்வளவுதான். அப்படியானால் பொய் சொல்வது ஏ1சிதான்.

ஜப்பானில் இந்த மாதிரி நேரத்தில் டாக்டர்கள் கிளைக்கேட்டட் ஆல்புமின் பரிசோதனை எழுதுவார்கள். ஆல்புமின் ரத்தத்தின் திரவப் பகுதியில் இருக்கும் புரதம். சிவப்பணுவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அதன் அரை ஆயுள் மூன்று வாரத்துக்கும் குறைவு என்பதால், அதில் ஒட்டிய சர்க்கரை கடைசி இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும். அங்கே டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதைத்தான் பார்க்கிறார்கள். எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டுப் போட்டு அவர்களுக்குச் சிவப்பணு எப்போதும் இளசாகவே இருப்பதால் ஏ1சி குறைத்துக் காட்டும். எனக்கும் சர்க்கரை உண்டு, எனக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஏ1சி, கிளைக்கேட்டட் ஆல்புமின், 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால் என்ற மூன்று சர்க்கரைப் பரிசோதனைகளில் சாதாரணமாக மாதத்துக்கு ஒன்றுக்குத்தான் காப்பீடு பணம் தரும். அங்கேயும் கணக்குப் பார்ப்பவர்கள்தான்!

ஊரில் முதலில் போன லேபில் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "இருக்கு சார், நாளைக்குச் சாயந்திரம் வாட்ஸ்அப்ல வந்துடும்" என்றார். சொன்னபடி வந்தது: 341 மைக்ரோமோல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது ஃப்ரக்டோசமின். ஆல்புமின் முடிவு சதவீதத்தில் வர வேண்டும். ஃப்ரக்டோசமின் என்பது ரத்தத் திரவத்தில் உள்ள எல்லாப் புரதத்திலும் ஒட்டிய சர்க்கரையின் மொத்த அளவு. மலிவு, பல ஊர்களில் கிடைக்கும், ஒன்றுமே இல்லாததற்கு நல்லதுதான். 285க்கு மேல் போனால் சந்தேகப்படலாம். ஆனால் புரதம் குறைந்தால் அதுவும் குறைந்துவிடும். உடம்பு தேறிக்கொண்டிருப்பவருக்கு அது சரிவராது. கிளைக்கேட்டட் ஆல்புமினில் மொத்த ஆல்புமினில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதால் அந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று அந்த லேபில் சாதித்தார்கள். பணமும் திரும்பவில்லை.

தஞ்சாவூரில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரிடம் போனோம். நோட்டையும் ரத்தம் ஏற்றிய தேதியையும் பார்த்தவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டது வேறு. "அப்பாவுக்கு யூரின்ல புரோட்டீன் போகுதா? தைராய்டு பார்த்தீங்களா? லிவர்?" சரியான கேள்விகள். சிறுநீரில் ஆல்புமின் நிறையப் போனாலோ, தைராய்டு அதிகமாகச் சுரந்தாலோ ஆல்புமின் சீக்கிரம் கழிந்துபோகும், அளவு குறைத்துக் காட்டும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் தைராய்டு குறைந்தவர்களுக்கும் நேர் எதிர். அப்பாவுக்கு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. அவர் சொன்ன லேபில் ரத்தம் கொடுத்தோம், வெளியூர் அனுப்பி வாங்கித் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம் என்பது அப்பாவுக்குப் பெரிய ஆறுதல்.

முடிவு 23.6 சதவீதம். ஜப்பானில் ஏறத்தாழ 11 முதல் 16 வரை சாதாரணம் என்பார்கள். மூன்றால் வகுத்தால் ஏ1சி எவ்வளவு இருந்திருக்கும் என்று ஓரளவு தெரியும், கச்சிதமான கணக்கு இல்லை. 7.9 வருகிறது. அந்த ஏ1சிக்குச் சராசரி 180. நோட்டோடு இது பொருந்துகிறது. மாத்திரையைக் குறைத்தது தப்பாகிவிட்டது என்று டாக்டர் பழைய அளவுக்கே திரும்பவும் ஏற்றினார்.

"அப்படின்னா அந்த 1,5ஐயும் எடுத்துடலாமே அண்ணா" என்றான் தம்பி. அப்பாவுக்கு அது வீண். 1,5 என்றால் 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால், சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் ஒரு பொருள். சிறுநீரகம் அதை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டி குளுக்கோஸ் சிறுநீரில் வழிய ஆரம்பித்தால், அது 1,5ஐத் திரும்ப உள்ளே போகவிடாமல் தடுக்கும். 1,5 சிறுநீரோடு போய்விடும், ரத்தத்தில் அளவு இறங்கும். மற்றவை போல் இல்லாமல் இதில் குறைந்தால்தான் கெடுதல். ஜப்பானில் 14க்கு மேல் இருந்தால் நல்லது. ஏ1சி 6.7 இருந்தபோதே எனக்கு இது 7க்கு இறங்கி, சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதைக் காட்டிக்கொடுத்தது. சென்ற ஒன்றிரண்டு வாரத்து ஏற்றத்துக்கு அது அருமையான பரிசோதனை.

ஆனால் அப்பா டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் வேலையே குளுக்கோஸைச் சிறுநீரில் தள்ளுவதுதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தாலும் 1,5 அடியில்தான் கிடக்கும். 2020இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து நம்மூரில் ஏகப்பட்ட பேர் அதைச் சாப்பிடுகிறார்கள். லேபில் பணம் கட்டும்முன் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். சிறுநீரகம் ரொம்பக் கெட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட 1,5 பரிசோதனை ஒத்துவராது.

நான் திரும்பிய பிறகு தம்பி அடுத்த ரிப்போர்ட்டை அனுப்பினான். மருந்தை ஏற்றி மூன்று வாரத்தில் கிளைக்கேட்டட் ஆல்புமின் 20.8 சதவீதம். இந்த மாற்றம் ஏ1சியில் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும், தெரிந்தாலும் நம்ப முடியாது. ரத்தம் ஏற்றி நாலு மாதம் ஆகி, இரும்புச்சத்தும் ஹீமோகுளோபினும் நிலைப்பட்ட பிறகு ஏ1சியையும் ஆல்புமினையும் ஒரே நாளில் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போனால் அதற்கப்புறம் மலிவான ஏ1சியே போதும்.