வாக்-இன் நேர்காணல் முடிந்த பிறகு: போனா, வாட்ஸ்அப்பா, நேரில் போவதா?

"நம்பரை எழுதிவிட்டுப் போங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்." பெங்களூரு இந்திராநகரில் ஒரு துரித உணவகத்தில் ஷிஃப்ட் மேனேஜராக இருந்த காலத்தில், வேலை கேட்டு வந்த எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பர் எழுதிய தாள் கல்லாவுக்குக் கீழே பில் கட்டுகளோடு கிடக்கும். அங்கிருந்து அது மேலே வர வேண்டுமென்றால் யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். எப்படி என்பதில்தான் பேச்சு.

முதலில் போன். கடை நம்பருக்கு அழைப்பது மூன்றிலும் மோசமானது. கவுன்டரில் நிற்கும் பையன்தான் எடுப்பான். வரிசையில் ஆள் நிற்கும்போது அவன் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "மேனேஜர் இல்லை." அதை அவன் மேனேஜரிடம் சொல்லவும் மாட்டான். மேனேஜரே தன் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால் மட்டும் ஒருமுறை அழைக்கலாம்.

வாட்ஸ்அப் அதைவிட நல்லது, எழுத்தில் நிற்கிறது என்பதால். ஆனால் "சார், என்ன ஆயிற்று?" என்று கேட்கும் செய்தி வீண். ஷிஃப்ட் நிரப்புகிறவனுக்குத் தெரிய வேண்டியவை மூன்று: எந்த நேரம் வருவாய், இரவு எப்படி வீடு திரும்புவாய், என்றைக்குச் சேர்வாய். என் அக்கா மகனை இப்படித்தான் எழுத வைத்தேன்: "சனிக்கிழமை மதியம் நேர்காணலுக்கு வந்தவன். மாலை 5 முதல் கடை மூடும் வரை, ஞாயிறு உட்பட வர முடியும். வீடு அல்சூர், மெட்ரோ நின்ற பிறகும் நடந்தே போய்விடுவேன். திங்கள்கிழமை சேரலாம்." மூடும் ஷிஃப்டுக்குத்தான் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. வீடு பக்கம் என்பது அங்கே அனுபவத்தைவிடப் பெரிய தகுதி.

அனுப்பியும் பதில் இல்லை, இரண்டு நீல டிக் மட்டும். புதன்கிழமை, "நேரில் போ" என்றேன். "போய் நின்றால் கெஞ்சுவது போல இருக்காதா மாமா?" என்று கேட்டான். நேரம் தெரியாமல் போனால் அப்படித்தான் இருக்கும். மதியம் 12 முதல் 3 வரை சாப்பாட்டுக் கூட்டம், 7 மணிக்கு மேல் இரவுக் கூட்டம். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை பேச்சுக்கே இடமில்லை. மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் மேனேஜர் கணக்கோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் கடையில் அடுத்த வாரத்து ரோஸ்டர் வியாழனன்று எழுதப்படும். புதன்கிழமையைச் சொன்னது அதனால்தான். துணிக்கடைகளில் காலை, கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் தோதானது.

ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நகல்கள், இரண்டு புகைப்படம் ஆகியவற்றோடு போனான். "ஆள் எடுத்தாகிவிட்டது" என்றார் மேனேஜர். வாட்ஸ்அப்பில் முடிந்திருந்தால் அத்தோடு கதை முடிந்தது. நேரில் நின்றதால் இன்னொரு வாக்கியம் சொல்ல முடிந்தது: "திங்கள்கிழமை யாராவது வராவிட்டால் கூப்பிடுங்கள் சார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன்." இந்த வேலைகளில் சேர வேண்டிய நாளன்றே வராமல் போகிறவர்கள் எப்போதும் உண்டு. பக்கத்துக் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கும், போனைக்கூட எடுக்க மாட்டார்கள். அந்தக் காலையில் மேனேஜருக்கு எந்த முகம் நினைவுக்கு வருகிறதோ அதற்கே வேலை. திங்கள் பதினொன்றரைக்கு இவனுக்கு அழைப்பு வந்தது.

நேரில் போவது எங்கும் வெல்லும் என்று சொல்ல மாட்டேன். பெரிய மால்களில் உள்ள ஆடை, காலணி ஷோரூம்களில் பலரை ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகத்தான் எடுக்கிறார்கள். அங்கே ஸ்டோர் மேனேஜர் சரி என்றாலும் பட்டியல் ஏஜென்சிக்காரரிடம்தான் இருக்கும். கடைக்குப் போவது பஸ் காசுக்கு நட்டம். அடையாளம் எளிது: சம்பளத்தை யார் பேசினார், படிவத்தின் தலைப்பில் யார் பெயர் இருந்தது என்று பாருங்கள். கடையின் பெயர் இல்லையென்றால் அந்த ஏஜென்சிக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதே வழி. சீருடைக்கு முன்பணம், பதிவுக் கட்டணம் என்று அவர் ஆரம்பித்தால் பதில் எழுதாமல் விட்டுவிடுங்கள்.

உள்ளே வேலை செய்யும் தெரிந்தவரைக் கொண்டு சொல்ல வைப்பது நான்காவது வழி. பரிந்துரைக்கு விடாதீர்கள், தகவலுக்குப் பயன்படுத்துங்கள். ரோஸ்டர் எந்த நாள் எழுதுகிறார்கள், யார் வேலையை விட்டு நிற்கப் போகிறார்கள் என்பதை அவர் சொல்வார்.

திங்கள் அழைப்பு வராமலிருந்தால்? அடுத்த புதன் இன்னொரு முறை போகச் சொல்லியிருப்பேன். மூன்றாம் முறை போகச் சொல்லமாட்டேன். அதற்குள் அதே தெருவில் வேறு நாலு கடை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.